ரெப்போ, ரிவர்ஸ் ரெப்போ: வங்கிகளின் அன்றாடப் பணத்தை ரிசர்வ் வங்கி எப்படிக் கூட்டிக் குறைக்கிறது?

ஒவ்வொரு வங்கிக்கும் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. ரெப்போவைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். வட்டி விகிதம், பணவீக்கம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் அதற்கு அப்புறம்.

நீங்கள் ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து இந்தியன் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால், கடைசியில் ரிசர்வ் வங்கியின் புத்தகத்தில் ஸ்டேட் வங்கியின் இருப்பு குறைந்து இந்தியன் வங்கியின் இருப்பு கூடும். கோடிக்கணக்கான பரிமாற்றங்கள் நடந்தாலும் எல்லா வங்கிகளின் இருப்பையும் கூட்டினால் தொகை மாறுவதில்லை. பணம் இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான்.

அந்த மொத்தத் தொகையே மாறுவதற்குச் சில வழிகள்தான் உண்டு. மக்கள் வரி கட்டினால் பணம் வங்கிகளை விட்டு அரசின் கணக்குக்குப் போகிறது. அரசின் முக்கியக் கணக்கும் ரிசர்வ் வங்கியில்தான் இருக்கிறது. அரசு சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கும்போது பணம் திரும்ப வருகிறது. தீபாவளிக்கு மக்கள் ஏடிஎம்மில் எடுக்கும் நோட்டு வங்கிக்கு வெளியே போய்விடுகிறது. ரிசர்வ் வங்கி டாலர் விற்றால் அதற்கு ஈடான ரூபாய் வங்கிகளிடமிருந்து அதன் கைக்கு வந்துவிடும். இவற்றில் எதையும் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிச் சரிசெய்ய முடியாது. ஒரு வங்கிக்குக் குறைந்தால் பக்கத்து வங்கியிடம் கேட்கலாம். எல்லாருக்கும் சேர்ந்து குறைந்தால், புதிதாகக் கொடுக்கக்கூடியது ரிசர்வ் வங்கி ஒன்றுதான். அப்படிக் கொடுக்கும் வழி ரெப்போ. அதிகமாக இருப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி ரிவர்ஸ் ரெப்போ.

ஒரு வங்கியின் 20ஆம் தேதி

கற்பனையாக ஒரு நடுத்தர வங்கியை எடுத்துக்கொள்வோம். வைப்புத்தொகையும் மற்ற பொறுப்புகளும் சேர்த்து ஒரு லட்சம் கோடி ரூபாய். இதில் 3 சதவீதத்தை ரொக்க இருப்பு விகிதம் என்ற பெயரில் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டும். சிஆர்ஆர் என்பார்களே, அதுதான். 4 சதவீதமாக இருந்த அந்த விகிதம் 2025 நவம்பர் இறுதியில் 3 சதவீதத்துக்கு வந்தது. ஆக, நம் வங்கி வைத்திருக்க வேண்டியது 3,000 கோடி. இதைத் தினமும் அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரச் சராசரி 3,000 கோடி வந்தால் போதும். ஆனால் எந்த நாளும் அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 2,700 கோடிக்குக் கீழே போகக் கூடாது. இந்தப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வட்டி தருவதில்லை. அதனால் எந்த வங்கியும் தேவைக்கு மேல் இங்கே பணத்தைச் சும்மா வைக்க விரும்பாது. கணக்கு எப்போதும் விளிம்பில்தான் ஓடும்.

20ஆம் தேதி, ஜிஎஸ்டி கட்டும் நாள். காலையில் நம் வங்கியின் இருப்பு 3,100 கோடி. வாடிக்கையாளர்கள் 700 கோடி வரி கட்டுகிறார்கள். மாலைக்குள் இருப்பு 2,400 கோடிக்கு இறங்கும். வங்கியின் கருவூலப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு 500 கோடி திரட்டினால் நிலைமையைச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மற்ற வங்கிகளிடம் கேட்பார்கள். இது ஆங்கிலத்தில் call money எனப்படும் கால் மணி சந்தை. அடமானம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு இரவுக்குக் கடன். ஆனால் வரி கட்டியது நம் வங்கியின் வாடிக்கையாளர்கள் மட்டுமல்லவே. எல்லா வங்கியிலிருந்தும் அன்று பணம் போயிருக்கிறது. கொடுக்க ஆள் குறைவு, கேட்க ஆள் அதிகம். வட்டி ஏறத் தொடங்கும்.

இந்த நெருக்கடியை எதிர்பார்த்து ரிசர்வ் வங்கி ரெப்போ ஏலம் அறிவிக்கிறது. இவ்வளவு கோடி, இத்தனை நாளுக்கு என்று தொகையையும் காலத்தையும் முதலிலேயே சொல்லிவிடும். வங்கிகள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும், என்ன வட்டி தரத் தயார் என்று இ-குபேர் என்ற ரிசர்வ் வங்கியின் கணினித் தளத்தில் கேட்பார்கள். ரெப்போ விகிதத்துக்குக் கீழே கேட்க முடியாது. 2025 டிசம்பரில் அறிவித்த 5.25 சதவீதத்தை ரெப்போ விகிதமாகக் கொண்டால், நம் வங்கிக்கு 5.26 சதவீதத்தில் 500 கோடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஈடாக வங்கி அரசுப் பத்திரங்களைக் கொடுக்கிறது. நகையை அடகு வைப்பதைப்போல என்று சொன்னால் பாதி சரி. நகையின் முழு மதிப்புக்கும் கடன் கிடைக்காது அல்லவா, அதேபோல 500 கோடி வாங்கப் பத்திரம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 4 சதவீதம் கழிவு என்றால் சுமார் 520 கோடி சந்தை மதிப்புள்ள பத்திரம் தேவை. நீண்ட காலப் பத்திரத்தின் விலை அதிகம் ஆடும் என்பதால் அதற்குக் கழிவு அதிகம், குறுகிய காலப் பத்திரத்துக்குக் குறைவு. ஒப்புமை பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. இது சட்டப்படி அடகு இல்லை, விற்பனை. வங்கி இன்று பத்திரத்தை விற்கிறது. நாளை இன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று இன்றைக்கே ஒப்பந்தம் போடுகிறது. விற்ற விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. நம் கணக்கில் அது 500 கோடிக்கு ஒரு நாளைக்கு சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மறுநாள் வங்கி அதையும் சேர்த்துக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளும்.

பத்திரம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இப்படி நீட்டிவிடவும் முடியாது. வங்கிகள் தங்கள் பொறுப்புகளில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்றவற்றில் போட்டுவைக்க வேண்டும் என்பது விதி. இது எஸ்எல்ஆர். ரெப்போவில் கொடுத்த பத்திரம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே 18 சதவீதத்துக்கு மேல் கைவசம் உள்ளதைத்தான் வங்கி ரெப்போவுக்குக் கொண்டுவரலாம்.

ஏலத்தில் கேட்டது கிடைக்கவில்லை என்றால்? அல்லது மாலையில் எதிர்பாராமல் பெரிய தொகை வெளியே போய்விட்டால்? அதற்குத்தான் எம்எஸ்எஃப் என்கிற அவசர வழி, 2011 மே மாதம் வந்தது. ரெப்போவைவிட 0.25 சதவீதம் வட்டி அதிகம். இங்கே மட்டும் எஸ்எல்ஆருக்காக வைத்துள்ள பத்திரத்திலிருந்தே, மொத்தப் பொறுப்பில் 2 சதவீதம் வரை எடுத்துக் கொடுக்க அனுமதி உண்டு. நம் வங்கிக்கு அது 2,000 கோடி. ஏலம் ரிசர்வ் வங்கி நடத்தினால்தான் உண்டு. எம்எஸ்எஃப் கதவு தினமும் திறந்திருக்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. "ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கும் வட்டி, அதை வாங்கித்தான் நமக்கு வீட்டுக் கடன் தருகிறார்கள்" என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். 20 வருட வீட்டுக் கடனை ஒரு நாள் கடனை வைத்து யாரும் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கடன் பெரும்பாலும் மக்களின் வைப்புத்தொகையிலிருந்து வருவது. ரெப்போ ஏறினால் உங்கள் தவணை ஏறுவதற்குக் காரணம் வேறு. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவை அந்த அளவுகோலாக எடுத்துக்கொண்டன. அது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள இணைப்பு. ரெப்போவின் உண்மையான வேலை ஒரே இரவுக் கடனின் வட்டியை ஓர் எல்லைக்குள் பிடித்து வைப்பது.

பணம் மிஞ்சும்போது

இப்போது மறுபக்கம். மாத ஆரம்பம், அரசு சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்துவிட்டது. நம் வங்கியிடம் தேவைக்கு மேல் 500 கோடி கிடக்கிறது. மற்ற வங்கிகளிடமும் இப்படித்தான். எல்லாரும் கடன் கொடுக்கத் தயார், வாங்க ஆளில்லை. ரிசர்வ் வங்கி எதுவும் செய்யாவிட்டால் ஒரே இரவுக் கடனின் வட்டி சரிந்துகொண்டே போகும். ரெப்போ விகிதம் 5.25 என்று அறிவித்துவிட்டு, சந்தையில் 2 சதவீதத்துக்குப் பணம் கிடைத்தால் அந்த அறிவிப்புக்கு அர்த்தமே இல்லை.

அதனால் ரிசர்வ் வங்கி, என்னிடம் கொண்டுவந்து வையுங்கள், நான் இவ்வளவு வட்டி தருகிறேன் என்கிறது. அதுதான் ரிவர்ஸ் ரெப்போ. இந்த முறை பணம் வங்கியிலிருந்து போகிறது, பத்திரம் ரிசர்வ் வங்கியிலிருந்து வருகிறது. ரிசர்வ் வங்கியே இந்த வட்டி தரும்போது, அதற்குக் குறைவாக எந்த வங்கியும் வெளியே கொடுக்க மாட்டாது. வட்டிக்கு ஒரு தரை கிடைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. ரிசர்வ் வங்கி பணம் வாங்க வேண்டுமென்றால் ஈடாகக் கொடுக்க அதன் கையில் அரசுப் பத்திரம் இருக்க வேண்டும். ரூபாயை அது உருவாக்க முடியும், அரசுப் பத்திரத்தை உருவாக்க முடியாது. அதை வெளியிடுவது அரசு. சாதாரண நாட்களில் இது யாருக்கும் உறுத்தவில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இது பட்டவர்த்தனமானது.

செல்லாமல் போன நோட்டுகளின் மதிப்பு 15 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மக்கள் கையில் இருந்த அந்தப் பணம் சில வாரங்களில் வங்கிகளுக்குள் வந்து கொட்டியது. திரும்ப எடுக்கவும் கட்டுப்பாடு. வங்கிகள் அதை ரிவர்ஸ் ரெப்போவில் போடத் தயாராக இருந்தன. ஆனால் ஈடு கொடுக்க ரிசர்வ் வங்கியிடம் இருந்த பத்திரங்கள் அத்தனைக்கும் காணாது என்ற நிலை வந்தது. நவம்பர் 26ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அசாதாரண உத்தரவு போட்டது. செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையில் கூடிய வைப்புத்தொகை முழுவதையும், 100 சதவீதத்தையும், கூடுதல் ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டும். இதற்கு வட்டி கிடையாது. வங்கிகளோ வைப்பாளர்களுக்கு வட்டி கொடுத்தாக வேண்டும்.

இது நீடிக்கக்கூடிய வழி அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 2ஆம் தேதி, சந்தை நிலைப்படுத்தும் திட்டத்தின் வரம்பு 30,000 கோடியிலிருந்து 6 லட்சம் கோடியாக உயர்ந்தது. இந்தத் திட்டத்தில் அரசு தனியாகப் பத்திரம் வெளியிடும். அதில் வரும் பணத்தைச் செலவு செய்யாமல் ரிசர்வ் வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைக்கும். வங்கிகளுக்கு வட்டி தரும் பத்திரம் கிடைத்தது, உபரிப் பணமும் உறிஞ்சப்பட்டது. டிசம்பர் 10ஆம் தேதியோடு அந்த 100 சதவீத உத்தரவை நீக்கினார்கள்.

என் பார்வையில், இன்றைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சம்பவம் கிடையாது. இந்தப் பலவீனத்துக்கான தீர்வுதான் 2018இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தம். பத்திரம் எதுவும் கொடுக்காமலேயே வங்கிகளிடமிருந்து பணம் வாங்கி வட்டி தர அந்தத் திருத்தம் வழிசெய்தது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. எஸ்டிஎஃப், அதாவது நிலையான வைப்பு வசதி என்று பெயர். வட்டி, ரெப்போவைவிட 0.25 சதவீதம் குறைவு. அன்றிலிருந்து தரை இதுதான்.

அதனால் "ரிவர்ஸ் ரெப்போ 3.35 சதவீதம்" என்று பட்டியல்களில் பார்த்தால் குழம்ப வேண்டாம். நிலையான விகித ரிவர்ஸ் ரெப்போவை 2020 மே மாதம் அந்த அளவுக்குக் குறைத்தார்கள். எஸ்டிஎஃப் வந்த பிறகும் அதை ஒழிக்காமல், ரிசர்வ் வங்கி தன் விருப்பப்படி பயன்படுத்தும் கருவியாக அப்படியே வைத்திருக்கிறார்கள். எஸ்டிஎஃப் 5 சதவீதம் தரும்போது 3.35க்கு யார் போய்ப் பணம் வைப்பார்கள்? நடைமுறையில் இன்று ரிவர்ஸ் ரெப்போ என்றால் ஏல முறையில் நடப்பதுதான். வங்கிகள் 7 நாள், 14 நாள் என்று பணத்தைப் பூட்டி வைத்து, எஸ்டிஎஃப்பைவிடக் கொஞ்சம் அதிக வட்டி வாங்கிக்கொள்கின்றன.

ஆக, நம் வங்கியின் 500 கோடிக்கு ஒரு இரவின் விலை இப்படி அமைகிறது. எஸ்டிஎஃப்பில் வைத்தால் 5 சதவீதத்தில் சுமார் 6.85 லட்சம் வரவு. எம்எஸ்எஃப்பில் வாங்கினால் 5.50 சதவீதத்தில் சுமார் 7.53 லட்சம் செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வங்கிகள் தங்களுக்குள் பேரம் பேச முடியும். தட்டுப்பாடு இருந்தால் கால் மணி வட்டி மேல் எல்லையை ஒட்டி நிற்கும். உபரி இருந்தால் கீழ் எல்லையை ஒட்டி நிற்கும். அதை நடுவில் உள்ள ரெப்போ விகிதத்துக்கு அருகே கொண்டுவரத்தான் ரிசர்வ் வங்கி ஏலத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

ரெப்போவால் முடியாதது

2025 ஜனவரியைப் பாருங்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ரூபாயின் சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி நிறைய டாலர் விற்றிருந்தது. அந்த ரூபாயெல்லாம் வங்கிகளை விட்டுப் போயிருந்தது. அதற்கு மேல் முன்கூட்டி வரி, ஜிஎஸ்டி. ஜனவரி 16 முதல் மும்பையின் எல்லா வேலை நாட்களிலும் ரெப்போ ஏலம் என்று அறிவித்தார்கள். அப்படியும் அந்த மாதக் கடைசியில் தட்டுப்பாடு 3 லட்சம் கோடியைத் தாண்டியது.

வரியாகப் போன பணம் சில நாளில் அரசின் செலவாகத் திரும்பி வரும். அதற்கு ஒரு நாள், மூன்று நாள் ரெப்போ சரியான மருந்து. டாலர் விற்றுப் போன ரூபாய் தானாகத் திரும்பாது. இன்று ரெப்போவில் வாங்கியதை நாளை அடைத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும், மறுநாளும் அதேதான். நாளைக்கு ஏலத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாத வங்கி, அந்தப் பணத்தை நம்பி யாருக்கும் நீண்ட காலக் கடன் கொடுக்காது. அதனால்தான் ஜனவரி 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி வேறு கருவிகளை எடுத்தது. 60,000 கோடிக்கு அரசுப் பத்திரங்களை நிரந்தரமாக வாங்குவது, 56 நாள் ரெப்போ 50,000 கோடிக்கு, 500 கோடி டாலருக்கு ஆறு மாத டாலர்-ரூபாய் பரிமாற்றம்.

இப்படிப் பணத்தை இறக்கியதில் ஆறு மாதத்துக்குள் நிலைமை தலைகீழானது. ஜூன் இறுதியில் பணம் மிஞ்சி, வட்டி தரையை ஒட்டிக் கிடந்தது. ரிசர்வ் வங்கி ஒரு லட்சம் கோடிக்கு 7 நாள் ரிவர்ஸ் ரெப்போ ஏலம் நடத்தியது.

உறிஞ்சும் பக்கத்திலும் எல்லை உண்டு. 2020 ஊரடங்கின்போது பணம் தாராளமாக இருந்தும் வங்கிகள் கடன் கொடுக்கப் பயந்தன. ஏப்ரல் 15ஆம் தேதி மட்டும் 6.9 லட்சம் கோடி ரூபாய் ரிவர்ஸ் ரெப்போவில் கிடந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போவைத் தொடாமல் ரிவர்ஸ் ரெப்போவை மட்டும் 4இலிருந்து 3.75 சதவீதமாகக் குறைத்தது. இங்கே வைத்தால் லாபம் குறைவு, வெளியே கடன் கொடுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஆனால் கடன் கேட்பவர் திருப்பித் தருவாரா என்ற பயத்தைக் கால் சதவீத வட்டிக் குறைப்பு போக்கிவிடாது. பணத்தை வங்கியின் வாசல் வரை கொண்டுபோகத்தான் இந்தக் கருவியால் முடியும்.

இன்னொரு ஓட்டையும் சொல்ல வேண்டும். எஸ்டிஎஃப் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக் கிடையாது. உபரிப் பணத்தை அவை, மூன்றாவது நிறுவனம் ஒன்று இடையில் நின்று பத்திர ஈட்டைக் கவனித்துக்கொள்ளும் முத்தரப்பு ரெப்போ சந்தையில் ஒரு இரவுக்குக் கொடுக்கின்றன. அவற்றிடம் பணம் அதிகம் சேரும்போது அந்தச் சந்தையின் வட்டி, ரிசர்வ் வங்கி போட்ட தரைக்கும் கீழே இறங்குவது உண்டு.

இதையெல்லாம் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வேலை நாட்களில் மணி மார்க்கெட் ஆபரேஷன்ஸ் என்ற தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. முந்தைய நாளின் கால் மணி சராசரி வட்டி, முத்தரப்பு ரெப்போ வட்டி, அன்று நடந்த ஏலங்கள், எம்எஸ்எஃப், எஸ்டிஎஃப் தொகைகள் எல்லாம் அதில் இருக்கும். கீழே நிகரத் தொகை ஒன்று வரும். அது ரிசர்வ் வங்கி எவ்வளவு பணம் கொடுத்திருக்கிறது என்பதைக் காட்டுவது. அங்கே கழித்தல் குறியைப் பார்த்தால் தட்டுப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி பணத்தை எடுத்திருக்கிறது, அதாவது வங்கிகளிடம் உபரி இருக்கிறது என்று அர்த்தம். அரசின் உபரி ரொக்க இருப்பும், வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் மொத்த இருப்பும் அதே அறிக்கையில் வரும். 19ஆம் தேதிக்கான அறிக்கையையும் 21ஆம் தேதிக்கான அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஜிஎஸ்டி பணம் வங்கிகளை விட்டுப் போனதும், அதற்கு ரிசர்வ் வங்கி என்ன செய்தது என்பதும் அந்தத் தொகைகளிலேயே தெரியும்.